ரெஸ்யூமேயில் 1,268 மணி, லாக்புக்கில் எத்தனை?

ஒரு விமான நிறுவனத்தில் பைலட் ரெக்கார்ட்ஸ் பிரிவில், பைலட்டுகள் பறந்த நேரத்தை எழுதி வைக்கும் லாக்புக்கைப் பதினான்கு வருடம் சரிபார்த்திருக்கிறேன். இப்போது பெங்களூரில் ஜீவன் பீமா நகரில் இருக்கிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

மாரத்தஹள்ளி, ஆள் எடுத்துக் கொடுக்கும் நிறுவனத்திலிருந்து: மேடம், ஏ320 விமானத்தில் ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது துணை பைலட் வேலை. மொத்தம் 1,200 மணி, அதில் ஏ320-ல் 500 மணி கேட்கிறார்கள். ஒரு பையன் மொத்தம் 1,268, ஏ320 984 என்று போட்டிருக்கிறான். அனுப்பிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். நீங்கள் அனுப்பிய ரெஸ்யூமேயின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு பிரிப்பு இருக்கிறது: செஸ்னாவும் ட்வின் எஞ்சினும் 212, ஏ320 984, சிம் 72. மூன்றையும் கூட்டினால் சரியாக 1,268. அதாவது சிம்முலேட்டரில் உட்கார்ந்த நேரத்தையும் பறந்த நேரத்தோடு சேர்த்துவிட்டான். அதைக் கழித்தால் 1,196.

அடுத்து அந்த 984. நீங்கள் சேர்த்து அனுப்பிய லாக்புக் நகலில் ஏ320 பக்கங்களின் முதல் சில வாரங்களைப் பாருங்கள். பயணிகளோடு பறந்து பழகும் லைன் ட்ரெய்னிங் தொடங்குவதற்கு முன்னால், பைலட்டுகளுக்குப் பின்னால் இருக்கும் ஜம்ப் சீட்டில் உட்கார்ந்து பார்த்த பயணங்களைப் பலர் மணிக்கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். இவன் எழுதியதில் அப்படி 38 மணி இருக்கிறது. குறிப்பு என்ற கட்டத்தில் ‘அப்சர்வர்’ என்று அவன் கைப்படவே எழுதியிருக்கிறான், மறைக்கவில்லை. ஆனால் பைலட்டாக இயக்காத நேரம் பறந்த நேரம் ஆகாது. ஏ320 946 ஆகிறது, மொத்தம் 1,158.

இங்கேதான் பையனுக்குச் சாதகமான ஒன்று வருகிறது. பயிற்சிக் காலப் பக்கத்தில் 1.30, 0.45, 2.50 என்று வரிசையாக இருக்கிறது. புள்ளிக்குப் பின்னால் 59-க்கு மேல் ஒரு எண்கூட இல்லை. எல்லாம் 59-க்குள்ளேயே இருந்தால் அது மணியும் நிமிடமும், தசமம் அல்ல. அந்த மூன்றையும் கால்குலேட்டரில் தட்டினால் 4.25 வரும். உண்மையில் 5 மணி 5 நிமிடம். நூற்றுச் சொச்சம் பயிற்சிப் பயணங்களில் இப்படி இழந்தது சேர்ந்து பெரிய தொகையாகிறது. வரி வரியாகத் திரும்பக் கூட்டினேன்: 212 அல்ல, 236. ஏ320 பயணங்களை நிறுவனத்தின் கணினியே கணக்கு வைத்ததால் அங்கே இந்தப் பிழை இல்லை.

ஆக மொத்தம் 1,182. பதினெட்டு மணி குறைவு. ஏ320-ல் கேட்ட 500-க்கு நல்ல கூடுதல். 1,182 என்றே எழுதி, கணக்குத் தாளையும் சேர்த்து அனுப்புங்கள். நான் பார்த்தவரை சிலர் எல்லைக்கோட்டில் இப்படி நிற்பவரை அழைப்பார்கள், சிலர் கணினி வடிகட்டியிலேயே தள்ளிவிடுவார்கள். எதுவானாலும் 1,268 என்று போய், நேர்முகத்தில் லாக்புக் திறக்கும்போது மாட்டிக்கொள்வதைவிட நல்லது.

அல்சூர், ஓய்வுபெற்ற கேப்டன்: சிம்முலேட்டரை முழுக்கக் கழிக்கிறீர்களே, லைசென்ஸுக்கே அதில் கொஞ்சம் ஏற்கிறார்களே?

உண்மைதான் சார், ஆனால் வேறு கட்டத்தில். சம்பளத்துக்குப் பறக்கத் தேவையான சிபிஎல் லைசென்ஸுக்கு, கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் இன்ஸ்ட்ருமென்ட் நேரம் 10 மணி வேண்டும், அதில் 5 மணி வரை சிம்மில் எடுக்கலாம். அது இன்ஸ்ட்ருமென்ட் கணக்கு. வேலை விளம்பரம் கேட்கும் மொத்தப் பறப்பு நேரம், விமானம் புறப்பட நகரத் தொடங்கியதிலிருந்து பயணம் முடிந்து நிற்கும் வரையான நேரம். சிம் எங்கேயும் நகர்வதில்லை.

கோரமங்களா: என் தம்பி வெளிநாட்டில் ஏ320 இயக்கத் தேவையான டைப் ரேட்டிங் பயிற்சி முடித்துச் சான்றிதழோடு வந்திருக்கிறான். அப்போ ‘டைப் ரேட்டட்’ என்று போடலாம்தானே?

பயிற்சி முடித்தது அவனுடைய உழைப்பு, அதை எழுதட்டும். ஆனால் விளம்பரத்தில் ‘இந்திய லைசென்ஸில் என்டார்ஸ் ஆனது’ என்று இருந்தால் அந்தக் காகிதம் போதாது. நம் நாட்டு விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ தரும் லைசென்ஸில் ஏ320 என்று ஏறியிருக்க வேண்டும். லைசென்ஸின் ரேட்டிங் பகுதியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அங்கே செஸ்னா மட்டும் இருந்தால் ‘பயிற்சி முடிந்தது, என்டார்ஸ்மென்ட் நடந்துகொண்டிருக்கிறது’ என்று எழுதுவதுதான் சரி. இன்னொன்று, டைப் ரேட்டிங் இருப்பதும் ‘ஏ320-ல் 500 மணி’ இருப்பதும் ஒன்றல்ல. புதிதாக ரேட்டிங் எடுத்தவருக்கு அந்த இரண்டாவது கட்டத்தில் எழுத ஒன்றும் இருக்காது.

மாரத்தஹள்ளி, மறுபடியும்: ‘மெடிக்கல்: வேலிட்’ என்று மட்டும் அந்தப் பையன் போட்டிருக்கிறான். அது போதாதா மேடம்?

தேதி இல்லாத ‘வேலிட்’ எதையும் சொல்லாது. இவன் பரிசோதனை மார்ச் 14-ல் நடந்தது, 12 மாதக் கணக்கில் அடுத்த மார்ச் 13 வரை. நேர்முகம் பிப்ரவரியில், வேலையில் சேர்வது ஏப்ரலில். விண்ணப்பித்த நாளில் செல்லும், சேரும் நாளில் செல்லாது. தேவை சேரும் நாளில்தான். புதுப்பிப்புக்கு நாள் குறித்துவிட்டானா என்று இப்போதே கேளுங்கள்.

டாக்டரிடம் போய் வந்த ரசீதையும் ஏற்காதீர்கள். டிஜிசிஏ தரும் மதிப்பீட்டுப் படிவத்தைக் கேளுங்கள். அதில் கிளாஸ் 1 என்று இருக்கிறதா, எந்தத் தேதி வரை, ஏதாவது கட்டுப்பாடு எழுதியிருக்கிறதா என்று மூன்றையும் பாருங்கள். கிளாஸ் 2 மட்டும் வைத்துக்கொண்டு ‘மெடிக்கல் உண்டு’ என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மாணவராகப் பறக்க அது போதும், சம்பளத்துக்குப் பறக்க முடியாது.

டொம்லூர், ஒரு அம்மா: பொண்ணு பன்னிரண்டாவது படிக்கிறா, கண்ணாடி போட்டிருக்கா. இந்த வேலைக்கு மெடிக்கல்ல தள்ளிடுவாங்களா?

இது வேலைக்கான கேள்வி இல்லை அம்மா, இருந்தாலும் சொல்கிறேன். கண்ணாடி போட்ட பைலட்டுகள் நிறைய பேர் இருக்கிறார்கள். கண்ணாடியோடு பார்வை தேவையான அளவு வர வேண்டும், பறக்கும்போது இன்னொரு கண்ணாடியும் கையில் இருக்க வேண்டும். நிறக்குருடு இருக்கிறதா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. பயிற்சிப் பள்ளிக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் கிளாஸ் 2, அது முடிந்ததும் கிளாஸ் 1 பார்த்துவிடுங்கள். முதல் கிளாஸ் 1 பரிசோதனை நடக்கும் இடங்களில் ஒன்று நம் ஊரிலேயே ஓல்டு ஏர்போர்ட் ரோட்டில் இருக்கும் விமானப்படையின் வான்மருத்துவ நிறுவனம்.

அல்சூர் கேப்டன்: மேற்பார்வையில் கேப்டன் வேலை பார்த்த பி1 யு/எஸ் நேரத்தை, முழுப் பொறுப்புள்ள கேப்டனாகப் பறந்த பிஐசி நேரம் என்று போட்டால் தப்பா?

இதில் நீங்களும் நானும் ஒத்துப்போக மாட்டோம் என்று நினைக்கிறேன் சார். மேற்பார்வையில் கேப்டன் வேலை பார்த்த நேரத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் ‘பிஐசி 500’ என்று கேட்கும் விளம்பரத்துக்கு அதைச் சேர்த்து எழுதினால், சில நிறுவனங்கள் ஏற்கும், சில திருப்பி அனுப்பும். இரண்டையும் தனி வரிகளாகக் காட்டச் சொல்வேன். கூட்டிப் பார்ப்பது அவர்கள் பாடு.

மாரத்தஹள்ளி: இன்னொருவர் இரண்டு வருடத்தில் ஏ320-ல் 2,900 மணி என்கிறார். நம்பலாமா?

முடியவே முடியாது. 365 நாளில் 1,000 மணிக்கு மேல் பறக்க விதி அனுமதிக்காது. இரண்டு வருடம் முழு மூச்சாகப் பறந்தாலும் 2,000 தாண்டாது. வேலைக்குச் சேர்ந்த தேதி தப்பா, மணிக்கணக்கு தப்பா என்று முதலில் அவரிடமே கேளுங்கள். 1,900 என்பது தட்டச்சில் 2,900 ஆகியிருக்கலாம். லாக்புக்கின் கடைசிப் பக்கம் வரும்வரை அவர் பெயரைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.