அம்மாவின் கைக்குறிப்பில் ஒரு சொல்லை மாற்றுவது எப்படி?

"அம்மா கோடு போட்ட நோட்டில் நீலப் பேனாவால் எழுதிய புளிக்குழம்புக் குறிப்பைப் போட்டோ எடுத்து, பெரிதாகப் பிரிண்ட் போட்டுத் தங்கைக்குத் தரப்போகிறேன். 'வெந்தயம் 1 டீஸ்பூன்' என்பதை 'வெங்காயம்' என்று எழுதிவிட்டார். அவரே திருத்தச் சொல்கிறார். அவர் கையெழுத்து மாதிரியே அந்த ஒரு சொல்லை மாற்ற முடியுமா?"

முடியும். புதிதாக எதையும் எழுதாமல் செய்வதுதான் நல்லது. மவுஸாலோ ஸ்டைலஸாலோ பார்த்துப் பார்த்து வரைந்தால் கோடு மெல்ல நடுங்கும், அழுத்தம் முழுக்க ஒரே சீராக இருக்கும். வேகமாக எழுதிப் பழகிய கையின் கோடு அப்படி இருக்காது. வேண்டிய எழுத்துகளை அதே தாளிலிருந்து எடுங்கள். 'வெ', 'ய', 'ம்' மூன்றும் ஏற்கெனவே அந்தச் சொல்லில் இருக்கின்றன. நடுவில் உள்ள 'ங்கா' போய் 'ந்த' வந்தால் போதும். 'கொதி வந்ததும் இறக்கவும்' என்பதுபோல ஒரு வரி குறிப்பில் இருந்தால், 'ந்த' அவர் கையாலேயே சேர்ந்தபடி கிடைத்துவிடும்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படம் வேண்டாம். அதில் மையின் நீலம் ஓரத்தில் தாளோடு கலங்கிப் போயிருக்கும். போனில் உள்ள மூலப் படத்தை டாகுமெண்டாக அனுப்பச் சொல்லி வாங்கி, படம் திருத்தும் இலவச மென்பொருளான ஜிம்ப்பில் திறந்து, லேயரை நகலெடுத்துக்கொண்டு அதில் வேலை செய்யுங்கள்.

முதலில் 'ங்கா'வை அழிக்க வேண்டும். நோட்டுக் கோடு செல்லும் இடத்துக்கு Clone கருவி. அதே வரியில் சற்று வலப்புறம் எழுத்தில்லாத இடத்தில், சரியாகக் கோட்டின் மேலேயே மாதிரி எடுங்கள். வேறு வரியிலிருந்து எடுத்தால் வெளிச்சம் மாறி ஒட்டுப்போட்டது தெரியும். கோட்டுக்கு மேலும் கீழும் உள்ள வெறுந்தாளுக்கு Heal போதும், ஆனால் அதை மைக்கு மிக அருகில் ஓட்டினால் நீலம் இழுபடும். அம்மா அழுத்தி எழுதுகிறவர் என்றால் பேனா பதிந்த பள்ளத்தின் நிழலும் தாளில் இருக்கும். எனவே மைக்கோட்டைவிடச் சற்று அகலமாக அழியுங்கள்.

பிறகு 'ந்த'வைச் சுற்றித் தாளோடு சேர்த்து நகலெடுத்துப் புது லேயரில் ஒட்டி, லேயரின் Mode-ஐ `Multiply` ஆக்குங்கள். ஒட்டிய இடம் சாம்பல் பூத்ததுபோல இருண்டு தெரியும், ஏனென்றால் இரண்டு தாள்களின் நிறம் ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்திருக்கிறது. `Colors > Levels` திறந்து, வெள்ளைப் புள்ளி எடுக்கும் துளிக்கருவியால் ஒட்டிய துண்டின் வெறுந்தாளைத் தொடுங்கள். தாள் வெளுத்து மறைந்து மை மட்டும் மிஞ்சும். நிறம் பொருந்துவதற்கும் பெரும்பாலும் இதுவே போதும். எழுத்து இருந்த இடத்து வெளிச்சம் கழிந்து, வந்த இடத்து வெளிச்சம் அதன்மேல் ஏறிவிடுகிறது. துண்டோடு வந்த நோட்டுக் கோட்டை மட்டும் வெள்ளை பிரஷ்ஷால் மூடுங்கள், இல்லாவிட்டால் அங்கே கோடு இரட்டிப்பாகத் தெரியும்.

சாய்வைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். Measure கருவியால் 'ய'வின் வலப்பக்க நெட்டுக்கோட்டையும், ஒட்டிய 'த'வின் நெட்டுக்கோட்டையும் அளந்து பாருங்கள். இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் இருந்தால் Shear செய்யுங்கள். Rotate செய்தால் எழுத்தின் அடியும் சேர்ந்து சாய்ந்து, வரியைவிட்டுத் தூக்கி நிற்கும். அளவையும் மாற்ற வேண்டுமென்றால் Unified Transform-இல் இரண்டையும் ஒரே தடவையில் முடியுங்கள். ஒவ்வொரு மாற்றமும் எழுத்தைக் கொஞ்சம் மங்கலாக்கும். பத்து சதவீதத்துக்கு மேல் பெரிதாக்கினால் கோடு தடித்து, வேறு பேனா போலத் தெரியும்.

'ந்த'வுக்கு 'ங்கா'வைவிட இடம் குறைவு. அந்த இடைவெளியை அப்படியே விட்டால் சொல் இரண்டாகப் பிளந்து நிற்கும். 'யம்' முழுவதையும் இதே முறையில் நகலெடுத்து ஒட்டி இடப்பக்கம் நகர்த்தி, பழைய இடத்தில் உள்ளதை அழியுங்கள். மிஞ்சும் இடம் '1'க்கு முன்னால் போய்ச் சேரட்டும். கையெழுத்தில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கூடக்குறைய இருப்பது இயல்புதான்.

இனி அழுத்தம். பால்பாயிண்ட் பேனாவில் வளைவு முடியும் இடத்தில் மை சிறு புள்ளியாகத் திரளும், எழுத்தின் முடிவில் கோடு வெளிறும். கடன் வாங்கிய எழுத்தில் இவை ஏற்கெனவே இருக்கின்றன. ஆனால் 'வந்ததும்' இரண்டு வரி தள்ளித்தான் இருக்கிறது என்றால், அதே மைத்திரள் இரண்டு இடத்தில் இருப்பது கண்ணில் படும். திரளைச் சற்றுக் கரைத்துவிட்டு, Warp கருவியால் வளைவை இரண்டு மூன்று பிக்சல் தள்ளுங்கள். பக்கத்து எழுத்தைவிட வெளிறித் தெரிந்தால் Levels-இன் நடு அம்பை மட்டும் லேசாக நகர்த்துங்கள். Brightness-ஐத் தொட்டால் மறைந்த தாள் மறுபடி தலைகாட்டும்.

சரிபார்க்க, Channels-இல் சிவப்பை மட்டும் விட்டுப் பாருங்கள். நீல மை அதில்தான் மிகக் கறுப்பாகத் தெரியும். அழிக்காமல் விட்ட 'ங்கா'வின் மிச்சம், அடர்த்தி வித்தியாசம் எல்லாம் அங்கே உடனே தெரிந்துவிடும்.

இந்த வேலை, எழுதியவர் சம்மதிக்கும் இதுபோன்ற வீட்டுக் குறிப்புக்குத்தான். ரசீது, மருந்துச் சீட்டு, கடன் பத்திரம் போன்றவற்றில் ஒரு சொல்லை இப்படி மாற்றினால் அது போலி ஆவணம், குற்றம். உங்கள் பிரிண்டின் பின்னாலும் 'ஒரு சொல் திருத்தியது' என்று எழுதி, மூலப் படத்தைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள்.