அட்வான்ஸ் எவ்வளவு, மீதி எப்போது?

வெப்சைட் டிசைனர்: பாதி முன்னாடி, பாதி முடிஞ்சதும்னு வாங்குறேன். கடைசிப் பாதிக்கு மாசக்கணக்கா அலையிறேன்.

வேலை முழுக்க முடிந்த பிறகும் பாதிப் பணம் கஸ்டமர் கையில் இருப்பதுதான் கோளாறு. 60,000 ரூபாய் வேலை என்றால் நான் இப்படி வாங்குகிறேன்: தொடங்கும் முன் 18,000, முகப்புப் பக்க டிசைனுக்கு அவர் சரி சொன்னதும் 18,000, முழுத் தளமும் என் சர்வரில் ஓடுவதை லிங்கில் பார்த்ததும் 18,000. கடைசி 6,000 வந்ததும் அவருடைய ஹோஸ்டிங்குக்கு மாற்றித் தருவேன். நடுவில் நின்றுபோனாலும் யாருக்கும் ஒரு தவணைக்கு மேல் நட்டமில்லை. டொமைன் மட்டும் முதல் நாளே அவர் பெயரில் இருக்கட்டும். அதைப் பிடித்து வைத்துக்கொண்டு பேரம் பேசுவது எனக்குப் பிடிக்காது.

ஜவுளிக்கடைக்காரர்: நான் எதிர்ப்பக்கம். 40,000 அட்வான்ஸ் வாங்கினவர் போனையே எடுக்கலை. இனிமே அட்வான்ஸே கிடையாது.

கோபம் நியாயம்தான். ஆனால் அட்வான்ஸே இல்லை என்றால் வேலை தெரிந்தவர் வரமாட்டார். முதல் கட்ட வேலைக்கு என்ன ஆகுமோ அதை மட்டும் கொடுங்கள். முதல் டிசைன் எந்தத் தேதிக்குள் வரும், வராவிட்டால் பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பதையும் எழுதி வாங்குங்கள். நீங்களே நடுவில் நிறுத்தினால், செய்த வேலைக்குக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவது என்று அதே தாளில் இருக்கட்டும்.

ஆப் செய்பவர்: கடைசித் தவணை ‘கஸ்டமருக்குத் திருப்தி ஆனதும்’னு போட்டா ரெண்டு பேருக்கும் நல்லதுதானே? எப்படியும் கோடு என்னோடதுதான்.

கோடு விஷயம் சரி. வெளியாளாக இருந்து எழுதிய கோடின் காப்புரிமை, எழுத்தில் மாற்றித் தராதவரை இந்தியச் சட்டப்படி பொதுவாக உங்களுடையதே. ‘முழுத் தொகையும் வந்ததும் உரிமை மாறும்’ என்று ஒரு வரி சேருங்கள், அவருக்கும் நிம்மதி. திருப்திக்குத்தான் அளவுகோல் கிடையாது. ஒரு அலுவலகத்துக்குத் தளம் முழுக்க முடித்துவிட்டேன். ‘எங்களைப் பற்றி’ பக்கத்துக்கான போட்டோ மட்டும் 3 மாதம் வரவில்லை. 22,000 ரூபாய் அதில் மாட்டியது. அப்புறம்தான், 7 நாளில் திருத்தம் சொல்லாவிட்டால் ஏற்றதாகக் கொள்ளப்படும், போட்டோ வராத இடத்தில் காலிப் பெட்டி வைத்தாலும் அந்தக் கட்டம் முடிந்தது என்று எழுதத் தொடங்கினேன்.

புதியவர்: 18,000க்கு பில் போட்டேன், 16,200தான் வந்துச்சு. ஏமாத்திட்டாங்களா?

இது தவணைச் சங்கதி இல்லை. உங்கள் வருமான வரிக் கணக்கில் கட்டுவதற்காக 10% டிடிஎஸ் பிடித்திருப்பார்கள். வருமான வரித் தளத்தில் உங்கள் பான் கணக்கில் ஏறியிருக்கிறதா பாருங்கள். ஏறாவிட்டால் சண்டை போடலாம்.

இன்னொருவர்: பெரிய கம்பெனி, அட்வான்ஸ் தரமாட்டாங்களாம். பில் போட்டு 90 நாள் கழிச்சுதான் பணமாம்.

சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இருந்தால், அவற்றுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 45 நாளைத் தாண்டக்கூடாது என்று கேட்கலாம். அட்வான்ஸுக்கு என்னிடம் நல்ல வழி இல்லை. முதல் கட்டத்தைத் தனிச் சிறு ஆர்டராக்கி, அந்தப் பணம் வந்த பிறகே அடுத்ததைத் தொடுகிறேன். என் நண்பர் அப்படிப்பட்ட வேலையையே எடுப்பதில்லை.