பூச்சந்தை, பால், பூங்கா நடை: காலையில் எதை முதலில் முடிப்பது?

கேள்வி: காலை 5 மணிக்குக் கிளம்பினால் நடை, பூ, பால், டீ எல்லாவற்றையும் எந்த வரிசையில் வைத்தால் அலைச்சல் குறையும்?

முதலில் நடை, அடுத்து பூ, கடைசியில் பால். பூவை வாங்கிவிட்டு நடக்கப் போனால் பைக்குள் புழுங்கிப் போகும். பால் வெளியே இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் கெடத் தொடங்குகிறது. அதனால் வீட்டுக்குத் திரும்பும்போதுதான் அதை வாங்க வேண்டும்.

பூச்சந்தைக்கு விடிந்த உடனே ஓட வேண்டாம். அப்போது மொத்த வியாபாரம் நடக்கும், கால் கிலோ கேட்பவரை யாரும் கவனிக்கமாட்டார்கள். மூட்டைகள் போன பிறகு, வெயில் ஏறுவதற்கு முன் போனால் சில்லறைக்கும் பேச்சுக்கும் இடம் கிடைக்கும்.

மல்லிகை மாலையில்தான் மலரும். அதனால் காலையில் இறுக மூடிய வெள்ளை மொட்டாகப் பாருங்கள். இப்போதே விரிந்திருந்தால் அது நேற்றைய பூவாக இருக்கலாம். ரோஜாவில் இதழ்களுக்குக் கீழே காம்போடு சேரும் இடத்தை மெதுவாக அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் புதிது, தளர்ந்திருந்தால் பழையது. தண்ணீர் தெளித்த குவியலில் மேலே இருப்பது மட்டும் பளபளக்கும், உள்ளிருந்து ஒரு கைப்பிடி எடுக்கச் சொல்லுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் மொட்டு பழுப்பேறும். துணிப்பையே நல்லது.

டீயை சந்தைக்குள் குடிக்காதீர்கள். சுமை இறக்குபவர்கள் வரிசையில் நிற்பார்கள். வெளியே பால் வாங்கும் இடத்துக்குப் பக்கத்தில் குடித்துவிட்டுப் பாலை எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்குப் போங்கள்.