இடப்பக்கம் சுண்டிப் பார்த்தீர்களா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே மாட்டைப் பற்றி எழுதியது போல இருக்கின்றன. கன்று ஈன்று இரண்டு மூன்று வாரம் ஆன கலப்பினப் பசு, அடர்தீவனத்தை ஒதுக்குகிறது, பால் பாதியாகிவிட்டது. ஆகவே நான்காம் வயிறு இடப்பக்கம் ஏறிக்கொள்ளும் பிரச்சினையை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மாடு மூன்று நாளாகத் தீனி எடுக்கவில்லை. என்ன மருந்து கொடுக்கலாம்?

எப்போது கன்று ஈன்றது, எத்தனையாவது ஈத்து, காய்ச்சல் எவ்வளவு, சாணம் எப்படி, பால் எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு இறங்கியது? இதில் ஒன்றுகூட எழுதாமல் மருந்தின் பெயர் மட்டும் கேட்டால் நான் எதைச் சொல்ல? மருத்துவரை அழையுங்கள். அவர் வந்ததும் கன்று ஈன்ற தேதியை முதலில் சொல்லுங்கள்.

கேள்வி: 'பிங்' சத்தம் என்கிறார்களே, அதை நானே கேட்டுப் பார்க்க முடியுமா? (பண்ணை மேலாளர், ஈரோடு)

முடியும். ஒரு சாதாரண ஸ்டெதஸ்கோப் போதும். மாட்டின் இடப்பக்கம் நின்றுகொண்டு, இடுப்பு எலும்பின் மேல்முனையிலிருந்து முழங்கை வரை ஒரு கோடு போனதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டில் ஒன்பதாவது விலாவிலிருந்து கடைசி விலாவான பதின்மூன்றாவது வரை உள்ள இடம்தான் முக்கியம். ஸ்டெதஸ்கோப்பை அங்கே அழுத்தி வைத்து, பக்கத்திலேயே நடுவிரலால் பலமாகச் சுண்டுங்கள். பாதித் தண்ணீர் உள்ள எவர்சில்வர் குடத்தைச் சுண்டியது போன்ற கணீர் ஒலி வந்தால் அதுதான் பிங். அப்புறம் கையை முஷ்டியாக்கி வயிற்றின் கீழ்ப்பகுதியைக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தமும் சேர்ந்து கேட்டால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது.

ஆனால் சத்தம் வந்த எல்லா மாட்டுக்கும் நான்காம் வயிறுதான் நகர்ந்தது என்று முடிவு கட்டக்கூடாது. தீனி எடுக்காத மாட்டின் பெருவயிறு சுருங்கி, அதன் மேல்பகுதியில் காற்று நின்றாலும் ஒலி வரும். அது பெரும்பாலும் பின்னால், விலாவுக்கு அப்பால் உள்ள பள்ளத்தில், மந்தமாகக் கேட்கும். சந்தேகம் இருந்தால் மருத்துவர் ஒலி கேட்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே நீண்ட ஊசி போட்டு நீர் எடுத்து அமிலத்தன்மை பார்ப்பார். பி.எச். 4-க்குக் கீழே இருந்தால் நான்காம் வயிறு, 6-க்கு மேல் இருந்தால் பெருவயிறு. இந்த ஊசி வேலை மருத்துவருடையது, நீங்கள் செய்ய வேண்டாம்.

இன்னொன்று. இன்று கேட்காத ஒலி நாளை கேட்கலாம். காற்று குறைந்தால் அந்த வயிறு கீழே இறங்கிவிடும், மறுபடி ஏறும். ஒருமுறை சுண்டிவிட்டு 'ஒன்றுமில்லை' என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: பிங் சத்தம் வலப்பக்கம் கேட்கிறது. திங்கள்கிழமை மருத்துவர் வரும்வரை பொறுக்கலாமா?

கூடாது. வலப்பக்கம் நகர்ந்த வயிறு முறுக்கிக்கொள்ளக்கூடும். முறுக்கினால் சில மணி நேரத்தில் மாடு சரியும். இன்றே வண்டி ஏற்றுங்கள்.

கேள்வி: என் எச்.எஃப். கலப்பினப் பசு ஈன்று 18 நாள். கீட்டோசிஸ் என்று சொல்லி ஆறு நாளாகக் குளுக்கோஸ் ஏற்றுகிறோம். ஏற்றிய அன்று தின்கிறது, மறுநாள் மறுபடியும் படுத்துவிடுகிறது. குளுக்கோஸின் அளவைக் கூட்டலாமா? (நாமக்கல்)

இந்தக் கடிதத்தைப் படித்ததும் வருத்தமாக இருந்தது, ஏனென்றால் இதே கதையை வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆறு நாளில் ஒருவராவது மாட்டின் இடப்பக்கம் சுண்டிப் பார்த்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. பார்த்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

முதலில் குளுக்கோஸின் கணக்கைப் பார்ப்போம். 25 சதவீதக் குளுக்கோஸ் அரை லிட்டர் என்றால் அதில் இருப்பது 125 கிராம் சர்க்கரை. 20 லிட்டர் கறக்கும் மாடு ஒரு நாளில் பாலோடு மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ பால் சர்க்கரையை வெளியே விடுகிறது. அதைச் செய்ய உடம்புக்கு அதைவிடக் கூடுதலாகவே குளுக்கோஸ் வேண்டும். ஆக நீங்கள் ஏற்றும் பாட்டில் இரண்டு மணி நேரத்துக்குத்தான் தாங்கும். மாடு தின்றால்தான் மீதி கிடைக்கும். அது ஏன் தின்னவில்லை என்பதுதான் கேள்வி.

நான்காம் வயிறு இயல்பாக வயிற்றின் அடித்தரையில், சற்று வலப்பக்கம் சாய்ந்து கிடக்கும். சினை முற்றும்போது கருப்பை பெருவயிற்றை மேலே தூக்குகிறது, நான்காம் வயிறு அதன் கீழே முன்பக்கம் தள்ளப்படுகிறது. கன்று வெளியே வந்ததும் அத்தனை இடமும் காலி. அந்த நேரத்தில் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்திருந்தால் வயிற்றின் சுருக்கம் மந்தமாகி, உள்ளே காற்று சேரும். காற்றடைத்த பலூன் தண்ணீரில் மேலே வருவது போல அது பெருவயிற்றுக்கும் இடது விலாவுக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. வழி முழுவதும் அடைபடாததால் மாடு உடனே சாகாது. கொஞ்சம் தின்னும், கொஞ்சம் சாணம் போடும், நாளுக்கு நாள் மெலியும். பசிக்கு உடம்பின் கொழுப்பு கரைந்து கல்லீரலுக்குப் போக, அங்கே கீட்டோன் உருவாகிறது. சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் பட்டையில் வரும் ஊதா நிறம் அதுதான்.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். ஈன்ற முதல் இரண்டு வாரத்தில் இரத்தத்தில் பி.எச்.பி. என்ற கீட்டோன் லிட்டருக்கு 1.2 மில்லிமோலுக்கு மேல் போன மாடுகளுக்கு, வயிறு நகரும் வாய்ப்பு மற்ற மாடுகளைவிடப் பல மடங்கு அதிகம். எது முதலில் வந்தது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். கீட்டோசிஸ் என்று தெரிந்த அன்றே இடப்பக்கமும் சுண்டிப் பார்க்க வேண்டும், இரண்டு நாள் சிகிச்சைக்குப் பிறகு திரும்பி வந்தால் கட்டாயம் மறுபடி பார்க்க வேண்டும்.

நான் பார்த்த ஒரு மாட்டைச் சொல்கிறேன். மூன்றாம் ஈத்து, 18 லிட்டர் கறந்தது, பன்னிரண்டாம் நாள் 9 லிட்டருக்கு வந்துவிட்டது. வைக்கோல் தின்னும், கலப்புத் தீவனத்தை முகர்ந்துவிட்டு விலகும். காய்ச்சல் இல்லை. சாணம் கொஞ்சமாக, பசை போல. ஐந்து நாள் குளுக்கோஸ் போயிருந்தது, நடுவில் யாரோ இரண்டு முறை சமையல் சோடாவும் ஊற்றியிருந்தார்கள். நான் போனபோது இடப்பக்கம் பதினோராவது, பன்னிரண்டாவது விலா மேலே உள்ளங்கை அகலத்துக்குத் தெளிவான பிங். அன்று சாயங்காலமே உப்புக்கரைசலும் சுண்ணாம்புச் சத்தும் ஏற்றி, பொட்டாசியம் குளோரைடு 50 கிராமை வெதுவெதுப்பான தண்ணீரில் குடிக்க வைத்து, மறுநாள் காலையில் அறுவை செய்தோம். இரண்டாம் நாள் சாணம் நிறையப் போட்டது. கூடவே நாளுக்கு 300 மில்லி புரொப்பலீன் கிளைக்காலும் ஐந்து நாள் கொடுத்தோம். பத்து நாளில் 15 லிட்டருக்குத் திரும்பியது. முதல் நாளே சுண்டியிருந்தால் அந்தப் பசு ஐந்து நாள் பட்டினி கிடந்திருக்காது.

சோடாவைப் பற்றி நான் ஏற்கெனவே பலமுறை எழுதியிருக்கிறேன், மறுபடியும் எழுதுகிறேன். நான்காம் வயிற்றில் சுரக்கும் அமிலம் அங்கேயே தேங்குவதால் இந்த மாட்டின் இரத்தம் ஏற்கெனவே காரப்பக்கம் சாய்ந்திருக்கிறது. சோடா ஊற்றினால் அது இன்னும் கூடும். தீனி எடுக்காத மாட்டுக்கெல்லாம் சோடா என்பதை விடுங்கள். குளுக்கோஸின் அளவைக் கூட்ட வேண்டாம், மாட்டை அறுவை வசதியுள்ள கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: வியாதி இடப்பக்கம் என்கிறார்கள், மருத்துவர் வலப்பக்கம் கிழித்தார். தவறாகச் செய்துவிட்டாரோ? (பொள்ளாச்சி)

தவறு இல்லை, அது முறையான வழிகளில் ஒன்று. மாட்டை நிறுத்திவைத்தே செய்வார்கள். முதுகெலும்பை ஒட்டி மரத்துப்போகும் ஊசி போட்டு, வலது பள்ளத்தில் ஒரு சாண் நீளம் கிழித்து, கையை உள்ளே விட்டுப் பெருவயிற்றுக்குப் பின்னால் சுற்றி இடப்பக்கம் போவார்கள். அங்கே காற்றடைத்த வயிறு கைக்குத் தட்டுப்படும். நீண்ட ரப்பர் குழாய் மாட்டிய ஊசியைக் குத்திக் காற்றை வெளியேற்றினால் அது சுருங்கிக் கீழே இறங்கும். பிறகு அதோடு ஒட்டியிருக்கும் கொழுப்புத்திரையை வலப்பக்கத்திலிருந்து மெதுவாக இழுத்து, வயிறு குடலோடு சேரும் முனை கண்ணில் பட்டதும், அதற்குப் பக்கத்தில் திரையை மடித்து வலப்பக்க வயிற்றுச் சுவரோடு தைத்துவிடுவார்கள். தைத்த பிறகு அந்த வயிறு இடப்பக்கம் போக வழியில்லை.

மிகவும் கொழுத்த மாட்டில் திரை கிழிந்து தையல் விட்டுப்போகலாம், அப்போது திரும்ப நகரும். வயிற்றில் புண் வந்து சுவரோடு ஒட்டியிருந்தால் வலப்பக்கத்திலிருந்து அதைப் பிரிக்க முடியாது. இதெல்லாம் முன்கூட்டியே பேச வேண்டியவை. தையலை இரண்டு வாரத்தில் பிரிக்கலாம். ஆன்டிபயாடிக் போட்ட நாட்களுக்கும், மருத்துவர் சொன்ன கூடுதல் நாட்களுக்கும் பாலைச் சங்கத்துக்கு ஊற்றாதீர்கள்.

கேள்வி: மாட்டைக் கீழே தள்ளி உருட்டினால் சரியாகிவிடும் என்கிறார்களே?

வலப்பக்கம் படுக்கவைத்து, முதுகின் மேல் புரட்டி, சில நிமிடம் ஆட்டி, இடப்பக்கமாக எழுப்பினால் வயிறு அப்போதைக்கு இறங்கும். ஆனால் பாதிக்கு மேற்பட்ட மாடுகளில் சில நாளில் திரும்பிவிடும். அறுவைக்கு வழியே இல்லாத இடத்தில் மருத்துவர் முன்னிலையில் முயலலாம். வலப்பக்கம் பிங் கேட்ட மாட்டை ஒருபோதும் உருட்டாதீர்கள்.

கேள்வி: அடுத்த ஈத்தில் வராமல் இருக்க என்ன செய்வது?

வற்றுக்காலத்தில் மாட்டைக் கொழுக்க விடாதீர்கள். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். கன்று ஈன்ற மறுநாளே எட்டு கிலோ அடர்தீவனம் வைக்கிறவர்கள் நிறைய. ஈன்றதிலிருந்து நாளுக்குக் கால் கிலோ, அரை கிலோ என்று கூட்டுங்கள், சோளத்தட்டும் வைக்கோலும் எப்போதும் முன்னால் கிடக்கட்டும். மூன்றாம் ஈத்துக்கு மேல் ஆன மாட்டுக்கு ஈன்ற அன்று சுண்ணாம்புச் சத்தைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். நஞ்சுக்கொடி விழாத மாடு, கருப்பைப் புண் உள்ள மாடு, மடிநோய் வந்த மாடு, இவை மூன்றுக்கும் முதல் மூன்று வாரம் வாரத்துக்கு இரண்டு முறை சிறுநீரில் கீட்டோன் பாருங்கள். பட்டை நிறம் மாறிய அன்று ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக்கொண்டு இடப்பக்கம் போய் நில்லுங்கள்.