ராத்திரி கடை அடைக்கும் முன்: மளிகைக்கடை அண்ணாச்சியிடம் கேட்டவை

தென்காசி பக்கம் 22 வருடமாக மளிகைக்கடை நடத்துகிறேன். ராத்திரி 10 மணிக்கு அடைப்பேன். என் வரிசை எப்போதும் ஒன்றுதான்: வெளியே தொங்குவதும் கிடப்பதும் முதலில் உள்ளே வரவேண்டும், அப்புறம் பாதி ஷட்டர், கல்லா, ஃபிரிட்ஜ், சுவிட்ச், கடைசியில் பூட்டு. தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

மளிகைக்கடை, விருதுநகர்: அண்ணாச்சி, கல்லா எண்ணினா அடிக்கடி 200, 300 குறையுது. பையன் மேல சந்தேகமா இருக்கு. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பையனைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு துண்டுத்தாளை எடுங்கள் தம்பி. போன மாதம் என் கடையில் நடந்ததையே சொல்கிறேன். அன்று மொத்த பில் 18,450. போனில் வந்தது 9,720. கடன் நோட்டில் ஏறியது 1,360. இரண்டையும் கழித்தால் ரொக்க விற்பனை 7,370. காலையில் சில்லறையாகப் போட்ட 2,000, பழைய கடனில் ரொக்கமாக வந்த 800, இரண்டையும் சேர்த்தால் 10,170. கல்லாவிலிருந்து வெளியே போனது பால்காரருக்கு 1,150, காய்கறிக்கு 640, மூட்டை இறக்கியவருக்கு 100. ஆக, 8,280 இருக்கவேண்டும். எண்ணினால் 7,780. சரியாக 500 குறைவு.

இப்படி முழுத் தொகையாகக் குறைந்தால் எனக்குச் சில்லறைத் தவறு மாதிரித் தெரியாது. சில்லறை கொடுப்பதில் தவறினால் 7, 12, 30 என்று உடைசலாகத்தான் வரும். 500 என்றால் ஒரு நோட்டோ ஒரு பில்லோ தவறியிருக்கிறது. 500 ரூபாய்க்கு மேல் போன பில்களை மட்டும் எடுத்துப் பார்த்தேன். நாலுதான் இருந்தன. அதில் ஒன்று, எண்ணெயும் பருப்பும் வாங்கிய ஒருவர் 500-ஐ போனிலும் மீதியை ரொக்கமாகவும் தந்த பில். பையன் அவர் போனில் பச்சை டிக்கைப் பார்த்துவிட்டு அனுப்பியிருக்கிறான். போனில் பணம் வந்ததும் சொல்கிற எங்கள் பெட்டி சத்தம் போடவே இல்லை. தராசுக்குப் பக்கத்தில் பழைய QR ஸ்டிக்கர் ஒன்று பாதி கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்தது, என் வீட்டுக்காரம்மா கணக்குக்குப் போவது. பணம் பத்திரமாக அங்கே கிடந்தது. அன்றே கத்தியை வைத்துச் சுரண்டி எடுத்தேன்.

பெட்டி சொன்னால்தான் பணம் வந்ததாக அர்த்தம், வந்தவர் போனில் தெரிவது கணக்கில்லை. இதைப் பையனிடம் ஒரு தடவை தெளிவாகச் சொல்லிவிடுங்கள். போலிப் படத்தைக் காட்டிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள், அதுவும் கல்லாவில் இதே மாதிரிக் குறைவாகத்தான் தெரியும்.

இன்னொன்று, கல்லா கூடுதலாக இருந்தாலும் சந்தோஷப்படாதீர்கள். பழைய கடனை ஒருவர் போனில் கட்டியிருப்பார், அது இன்றைய விற்பனை மாதிரிக் கலந்துவிடும், கல்லாவில் அந்தத் தொகை கூடுதலாக நிற்கும். அதே நாளில் வேறொரு பக்கம் 300 குறைந்திருந்தால் இரண்டும் சேர்ந்து மூடிவிடும். பழைய கடன் போனில் வந்தால் உடனே நோட்டில் தனியாகக் குறியுங்கள்.

பெட்டிக்கடை, திருச்சி: எங்ககிட்ட பில் மிஷினே கிடையாது. கடன் மட்டும்தான் நோட்டில் எழுதுவோம். இந்தக் கணக்கை எப்படிப் போடுறது?

போட முடியாது. உங்கள் கல்லா எவ்வளவு விற்றது என்று சொல்லும், எவ்வளவு காணாமல் போனது என்று சொல்லாது. விற்பனையை வேறு ஓர் இடத்தில் எழுதியிருந்தால்தானே இரண்டையும் ஒப்பிட முடியும்?

அதனால் எல்லாவற்றையும் எண்ணாமல் ஒரே ஒரு சரக்கைப் பிடியுங்கள். முட்டை நல்லது. காலையில் நாலு அட்டை, 120. ராத்திரி ஓர் அட்டையும் 11-ம் மீதி, 41. உடைந்தது 2. விற்றது 77. அன்று முழுக்க முட்டை விற்கும்போதெல்லாம் ஒரு தாளில் கோடு போடச் சொல்லுங்கள். கோடு 76, 75 என்று நின்றால் மறதி. ஒரு வாரமாகத் தினமும் 10, 12 குறைந்தால் அது மறதி இல்லை. அடுத்த வாரம் பால் பாக்கெட், அதற்கடுத்து தண்ணீர் பாட்டில் என்று சரக்கை மாற்றிக்கொள்ளுங்கள். எதை எண்ணுகிறீர்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்தால், அது மட்டும் சரியாக இருக்கும்.

ஃபேன்சி ஸ்டோர், தேனி: நான் நல்ல கனமான பூட்டுதான் போட்டிருக்கேன். வாரம் ஒரு தடவை எண்ணெயும் விடுறேன். அதனால பூட்டு பற்றி எனக்குப் பயமே இல்லை. கல்லாவில் பணத்தை விட்டுட்டுப் போகலாமா?

பூட்டு கனமாக இருப்பது நல்லதுதான், பாதி சரி. பகலில் அந்தப் பூட்டு எங்கே இருக்கிறது அக்கா? பல கடைகளில் ஷட்டர் வளையத்திலேயே திறந்தபடி தொங்கும். அழுத்தினால் சாவி இல்லாமலே பூட்டிக்கொள்ளும் வகையாக இருந்தால், அதே மாதிரி வேறொரு பூட்டை ஒருவன் பகலில் மாட்டிவிட்டுப் போகலாம். ராத்திரி நீங்கள் அழுத்திப் பூட்டிவிட்டுப் போவீர்கள். சாவி அவனிடம். காரியம் முடிந்ததும் உங்கள் பூட்டையே திரும்ப மாட்டிவிட்டால், காலையில் உடைத்த அடையாளமே இருக்காது. திறந்ததும் பூட்டுகளை மேசைக்குள் போடுங்கள். சாவியைத் திருப்பினால்தான் பூட்டும், பூட்டாமல் சாவி வெளியே வராது என்ற வகையை வாங்கினால் இந்தத் தந்திரம் பலிக்காது.

எண்ணெய் விஷயத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. தேங்காய் எண்ணெய் தெருப் புழுதியோடு சேர்ந்து உள்ளே பிசினாகிவிடும். கீழ்ப்பூட்டில் இன்னும் மோசம், வாசல் கழுவும் தண்ணீரும் சேரும். பென்சில் கூரைப் பொடியாக்கிச் சாவியில் தடவி நாலு தடவை போட்டு எடுங்கள்.

பூட்டியபின் பூட்டை மட்டும் இழுத்துப் பார்க்கிறவர்கள் அதிகம். அது போதாது. ஒரு தடவை என் கீழ்ப்பூட்டின் கம்பி ஷட்டர் வளையத்தில் மட்டும் போய், தரை வளையத்தில் நுழையாமல் நின்றது. இழுத்தால் அசையவில்லை, பார்க்கவும் பூட்டின மாதிரியே இருந்தது. மறுபக்கம் பூட்டியிருந்ததால் தப்பித்தேன். இப்போதெல்லாம் குனிந்து இடது ஓரத்தில் ஒரு தடவை, வலது ஓரத்தில் ஒரு தடவை ஷட்டரையே மேலே தூக்கிப் பார்க்கிறேன்.

பணத்தை விடவேண்டாம். மறுநாள் சில்லறைக்கு 2,000 மட்டும் பிரித்து, அதையும் நான் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். கல்லாவைக் காலியாக இழுத்துத் திறந்தே வைத்துவிடுங்கள். பூட்டியிருந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று உடைப்பான், மேசை போய்விடும்.

டீக்கடை, ஈரோடு: மெயினை இறக்கிட்டுத்தான் போறேன். ஆனா காலையில் வந்தா இன்வெர்ட்டர் பேட்டரி காலியா இருக்கு. கேமராவும் நின்னு போயிருக்கு.

மெயினை இறக்கினால் இன்வெர்ட்டருக்குக் கரண்ட் போய்விட்டது என்றுதான் தெரியும். அது தன் வேலையைத் தொடங்கிவிடும். அணைக்காமல் விட்ட ஒரு ஃபேனும் கேமரா பெட்டியும் விடிய விடியப் பேட்டரியைத் தின்றிருக்கும். மெயினை இறக்காமல் விட்டுவிடுங்கள். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, ஃபிரிட்ஜுக்கும் கேமராவுக்கும் தனி லைன் இழுத்து, மீதி எல்லாவற்றையும் ஒரே சுவிட்சில் இறக்குகிற மாதிரிச் செய்துகொள்ளுங்கள்.

அடைக்கும் முன் ஃபிரிட்ஜ் பிளக்கின் முகத்தைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடோ, துளையைச் சுற்றிப் பழுப்பு நிறமோ இருந்தால் உள்ளே லூஸ். ராத்திரி முழுக்க ஓடப்போவது அந்தப் பிளக்தான், அன்றைக்கே மாற்றுங்கள். டீக்கடை என்பதால் சிலிண்டர் ரெகுலேட்டரையும் மூடுங்கள், அடுப்புக் குமிழை மட்டும் மூடினால் ட்யூப்பில் கேஸ் நிற்கும். சாமி விளக்கை நானே கையால் அணைத்துவிட்டுத்தான் போகிறேன். சாமி கோபித்துக்கொள்ளாது, பக்கத்திலேயே அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறது.

ஜெராக்ஸ் கடை, கும்பகோணம்: ஐயா, கடையை மூடுறதுக்கான லிஸ்ட்னு பார்த்தேன். நான் அடுத்த மாசம் கடையை மூடப்போறேன். ஜிஎஸ்டி எண்ணை எப்படி ரத்து பண்றது?

தம்பி, இது தினமும் ராத்திரி மூடுவது. நீங்கள் கேட்பதற்கு ஜிஎஸ்டி தளத்தில் REG-16 விண்ணப்பம் போடவேண்டும், ரத்தான பின் கடைசிக் கணக்காக GSTR-10 உண்டு. மீதியை உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள், நான் பருப்பு விற்கிறவன்.

மளிகைக்கடை, சேலம்: கரண்ட் பில் தாங்கலை. ராத்திரி ஃபிரிட்ஜை அணைச்சா என்ன? மூடியே இருக்கிறதால குளிர்ச்சி நிக்குதே?

உள்ளே சோடா, கலர், தண்ணீர் பாட்டில் மட்டும் என்றால் அணையுங்கள், ஒன்றும் ஆகாது. பாலும் தயிரும் இருந்தால் கூடாது. அவை 5 டிகிரிக்குள் இருக்கவேண்டும், கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜில் அது விடியும்வரை தாங்காது. பால் காலையில் கெட்ட மாதிரித் தெரியாது, வாங்கியவர் வீட்டில் அடுப்பில் வைத்ததும் திரியும். திட்டு உங்களுக்குத்தான்.

ஐஸ்கிரீம் பெட்டிக்கு ஒரு வழி சொல்கிறேன். கிண்ணத்தில் தண்ணீரை உறையவைத்து மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து உள்ளேயே விடுங்கள். காலையில் நாணயம் ஐஸுக்குள் இறங்கியிருந்தால், ராத்திரி வெகுநேரம் கரண்ட் இல்லாமல் உருகித் திரும்ப உறைந்திருக்கிறது.

காய்கறி, மளிகை, நாகர்கோவில்: சரக்கு பார்க்க எங்க நேரம்? பத்து மணிக்குக் கால் வலிதான் மிச்சம். தேதி போன பிஸ்கட்டைக் குழந்தைங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லுது.

எல்லாத் தட்டையும் ஒரே ராத்திரியில் பார்க்க எனக்கும் தெம்பில்லை அம்மா. கிழமைக்கு ஒரு தட்டு. திங்கள் பிஸ்கட், செவ்வாய் மசாலா, இப்படி. ஐந்து நிமிடம்தான். ஒரு மாதத்துக்குள் தேதி முடிவதை முன்வரிசைக்கு இழுத்து, அதற்குள் விற்காது என்று தோன்றுவதைத் தனி டப்பாவில் போடுங்கள், கம்பெனியிலிருந்து லைனுக்கு வருகிற பையனிடம் மாற்றக் கேட்கலாம். பிரெட்டும் பாலும் மட்டும் தினமும்.

வெங்காய மூட்டையின் வாயைத் திறந்தே விடுங்கள், மூடினால் வியர்த்து அழுகும். வாழைப்பழத்தை மட்டும் மூடுங்கள், எலி முதலில் போவது அதற்குத்தான். ஷட்டருக்கும் தரைக்கும் நடுவில் விரல் நுழைந்தால் எலிக்குஞ்சும் நுழையும், கீழே ரப்பர் பட்டை அடியுங்கள்.

மொபைல் கடை, மதுரை: அண்ணாச்சி, உள்ளே ஒரு லைட் எரியவிடணுமா? பக்கத்துக் கடைக்காரர் எரியவிட்டா திருடனுக்கு வசதின்னு சொல்றார்.

உங்கள் ஷட்டர் கம்பி ஜாலியா, முழுத்தகடா? ஜாலி என்றால் எரியவிடுங்கள், தெருவில் போகிறவருக்கு உள்ளே ஆள் அசைவது தெரியும். தகடு என்றால் உள்ளே எரிவது யாருக்கும் தெரியாது, அந்த பல்பை வாசலில், பூட்டுக்கு நேர் மேலே போடுங்கள். ஆனால் வாசல் லைட் எரிந்த கடையிலும் திருடு போனதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் பக்கத்துக் கடைக்காரரோடு இதில் நான் சண்டைக்கு வரமாட்டேன்.