விருந்துக்குப் பின் ஏறிய எடை

பண்டிகை முடிந்து பார்த்தால் 2 கிலோ கூடியிருக்கிறது. ஒரு வாரம் பட்டினி கிடந்தால் குறையுமா?

பட்டினி வேண்டாம். கூடியதில் பெரும்பகுதி தண்ணீர்தான். மாவுச்சத்து உடலில் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையாகச் சேரும்போது ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைக்கும். உப்பும் நீரைத் தேக்கும். 2 கிலோ கொழுப்பு ஏற, வழக்கத்துக்கு மேல் ஏறத்தாழ 15,000 கலோரி உள்ளே போயிருக்க வேண்டும்.

காலையில் சாப்பிடாமல் இருந்தால் மாலையில் பசி முற்றி, கை நேராக மிச்ச இனிப்பு டப்பாவுக்குத்தான் போகும். மூன்று வேளையும் வழக்கமான நேரத்தில் சாப்பிடுங்கள். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்போ முட்டையோ, மீதி தானியம். இனிப்பு வேண்டுமென்றால் மதியச் சாப்பாட்டோடு ஒரு துண்டு போதும். எட்டாம் நாள் காலை வெறும் வயிற்றில் எடை பாருங்கள். அதற்கு முன் பார்ப்பது வீண் கவலை.

இன்சுலின் போடுபவர்கள் வேளை தவறினால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம்.