ஸ்கிரீன்ஷாட்டுக்கு 256 நிறம் போதும்

கேள்வி: "வணக்கம் சார். லிப்ரே ஆபீஸ் கால்க் பாடங்களை என் தளத்தில் எழுதி வருகிறேன். ஒரு பாடத்துக்கு 14 ஸ்கிரீன்ஷாட், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 400 கேபி. போனில் பக்கம் திறக்க வெகுநேரம் ஆகிறது. ஜேபெக் ஆக மாற்றினால் கட்டங்களில் உள்ள எழுத்து அழுக்குப் படிந்தது போல ஆகிவிடுகிறது. வருடத்துக்கு ஒரு தொகை கட்டினால் சரிசெய்து தருவதாக ஒருவர் சொல்கிறார். கட்டலாமா?"

கட்ட வேண்டாம். அவர் செய்யப்போகும் வேலையை நீங்களே ஒரு படத்துக்கு ஒரு நிமிடத்தில், காசில்லாமல் செய்துவிடலாம். படம் பிஎன்ஜி ஆகவே இருக்கட்டும். அதில் உள்ள நிறங்களின் எண்ணிக்கையை மட்டும் குறைக்க வேண்டும்.

பெயின்ட் கடை ஷேட் கார்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுவருக்கும் "சிவப்பு இவ்வளவு, பச்சை இவ்வளவு, நீலம் இவ்வளவு" என்று கலவையை முழுதாக எழுதலாம். இல்லை, "கார்டில் 17ஆம் எண்" என்று எழுதிவிட்டுப் போகலாம். சாதாரண பிஎன்ஜி முதல் வகை. ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று பைட், ஒளிபுகும் தன்மையையும் சேர்த்தால் நான்கு பைட் எடுக்கிறது. 1366க்கு 768 அளவுள்ள திரையில் சுமார் பத்தரை லட்சம் புள்ளிகள். சுருக்குவதற்கு முன் அதுவே 31 லட்சம் பைட்டுக்கு மேல் வருகிறது. ஷேட் கார்டு முறையில் ஒரு புள்ளிக்கு ஒரு பைட் போதும், மொத்தம் பத்தரை லட்சம்தான். 256 நிறங்களுக்கான கார்டு அதிகபட்சம் 768 பைட், அது கணக்கிலேயே வராது. இதற்குப் பிறகுதான் பிஎன்ஜியின் வழக்கமான சுருக்கும் வேலை நடக்கிறது. ஒரே எண் வரிசையாகத் திரும்பத் திரும்ப வந்தால் அது நன்றாகச் சுருங்கும். கால்க் திரையில் பெரும்பகுதி வெள்ளைக் கட்டமும் சாம்பல் கோடும்தானே. உங்கள் 400 கேபி பாதிக்கும் கீழே போக வேண்டும்.

கண்ணுக்கு ஏன் வித்தியாசம் தெரிவதில்லை என்றால், திரையில் நிறங்களைப் பெருக்குவது எழுத்தின் ஓரம்தான். எழுத்து வழுவழுப்பாகத் தெரிய, கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே பல சாயல்களைக் கணினி பூசுகிறது. விண்டோஸில் அந்த ஓரங்களில் மெல்லிய சிவப்பும் நீலமும்கூட இருக்கும். கிட்டத்தட்ட ஒரே மாதிரியான பத்துச் சாயல்களை ஒன்றாக்கினால், ஒரு புள்ளி அகல ஓரத்தில் அதை யாரும் கண்டுபிடிக்க முடியாது.

இந்த வசதி 1996இல் வந்த முதல் பிஎன்ஜி விதிமுறையிலேயே இருக்கிறது. ஆனாலும் கணினியோடு வரும் ஸ்கிரீன்ஷாட் கருவிகள் எதையும் கேட்காமல் முழு நிறத்திலேயே சேமித்துவைக்கின்றன. "நிறத்தைக் குறைக்கட்டுமா" என்று ஒரு பொத்தான் வைத்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. எத்தனை வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருப்பது!

சரி, செய்முறை. உலாவியில் squoosh.app திறந்து படத்தை அதில் போடுங்கள். வலப்பக்கம் Compress என்ற இடத்தில் தானாக MozJPEG வந்து நிற்கும். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அதை OxiPNG என்று மாற்றுங்கள். மேலே Reduce palette என்பதை டிக் செய்து, Colors 256, Dithering 0 என்று வையுங்கள். நடுக்கோட்டை இழுத்து இழுத்துப் பழையதையும் புதியதையும் ஒப்பிடலாம். திருப்தியாக இருந்தால் 128, 64 என்று இறக்கிப் பாருங்கள். கால்க் படத்தில் முதலில் காணாமல் போவது மிக வெளிர்ந்த நிறங்கள். ஒரு வரி விட்டு ஒரு வரிக்குப் போட்ட இளஞ்சாம்பல் வெள்ளையோடு கலந்துவிடும். அது நடந்தால் முந்தைய எண்ணுக்குத் திரும்பிவிடுங்கள்.

14 படத்தையும் ஒன்றொன்றாகச் செய்யப் பொறுமை இல்லையென்றால் pngquant என்ற இலவச நிரல் இருக்கிறது. கட்டளை இவ்வளவுதான்:

```
pngquant --nofs --quality=85-98 --ext -small.png *.png
```

ஒவ்வொரு படத்துக்கும் -small.png என்று முடியும் புதிய பிரதி வரும், மூலம் அப்படியே இருக்கும். தரம் 85க்குக் கீழே போகும் நிலை வந்தால் அந்தப் படத்துக்கு மட்டும் பிரதி உருவாகாது. பிழை என்று பயப்பட வேண்டாம், அந்தப் படத்தை விட்டுவிடு என்று நிரலே சொல்கிறது.

Dithering 0 என்றும் --nofs என்றும் நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. டித்தரிங் என்பது இல்லாத நிறத்தைக் காட்டுவதற்காக இருக்கிற நிறங்களைப் பொடிப்பொடிப் புள்ளிகளாகத் தூவுவது. ஒரே எண்ணாக ஓடிய வரிசை அந்தப் புள்ளிகளால் உடைந்து போகும். கோப்பும் பெருக்கும், எழுத்தைச் சுற்றி மணல் தூவியது போலவும் ஆகலாம்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதில் கவனமாக இருங்கள். படத்தில் நிறம் மெல்ல மெல்ல மாறும் இடம் இருந்தால், உதாரணமாக நீலத்திலிருந்து வெள்ளைக்குக் கரையும் பின்னணி, சாய்நிறம் நிரப்பிய வரைபடம், சாளரத்தைச் சுற்றிய மென்னிழல், அங்கே டித்தரிங் இல்லாவிட்டால் படிக்கட்டு போலப் பட்டை பட்டையாகத் தெரியும். கவனிக்காமல் வெளியிட்டால் பெரிய திரையில் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். அப்போது Dithering அளவை 0.3, 0.5 என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பட்டை மறையும் இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். கோப்பு சற்றுப் பெருக்கும், பரவாயில்லை. ஆனால் அதற்கு முன், அந்த இடம் பாடத்துக்கு வேண்டுமா என்று ஒரு முறை யோசியுங்கள். டெஸ்க்டாப் பின்னணியும் சாளர நிழலும் பெரும்பாலும் வேண்டியதே இல்லை. வெட்டிவிட்டால் பிரச்சினையும் அதோடு போயிற்று.

வெட்டுவதைப் பற்றி இன்னொன்று. முழுத் திரைக்குப் பதில் 700க்கு 400 அளவுள்ள பகுதியை மட்டும் வெட்டினால் புள்ளிகள் கால் பங்குக்குச் சற்று மேல்தான் இருக்கும். வெட்டுங்கள், ஆனால் படத்தின் நீள அகலத்தைச் சிறிதாக்காதீர்கள். அப்படிச் சிறிதாக்கும்போது பக்கத்துப் புள்ளிகள் கலந்து, இல்லாத நிறங்கள் நூற்றுக்கணக்கில் முளைக்கும், எழுத்தும் மங்கும். சிறிதாக்கியே ஆக வேண்டுமானால் முதலில் அதைச் செய்துவிட்டு, நிறக் குறைப்பைக் கடைசியில் வையுங்கள். சிவப்பு அம்பு, வட்டம் எல்லாமும் அதற்கு முன்பே. நிறம் குறைத்த படத்தைக் கிம்ப்பில் திறந்து சிவப்பு அம்பு போட்டால், கார்டில் அந்தச் சிவப்பு இல்லையென்றால் பக்கத்தில் உள்ள ஏதோ ஒரு மங்கல் நிறத்தில்தான் விழும்.

இப்போது அந்த வருடச் சந்தா ஆளுக்கு வருகிறேன். இவர்கள் முதலில் ஒரு வேக அளவுகோலின் சிவப்பு மதிப்பெண்ணைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். அப்புறம் ஒரு செருகுநிரலைப் போட்டுவிட்டு, எல்லாப் படத்தையும் ஒரே அமைப்பில் ஜேபெக் போல அடித்துவிடுவார்கள். மதிப்பெண் பச்சையாகிவிடும், உங்கள் கட்டத்தில் உள்ள எண்ணை மாணவரால் படிக்க முடியாது. அதேபோல "இலவசமாகச் சுருக்கித் தருகிறோம்" என்று படத்தைத் தங்கள் சர்வரில் ஏற்றச் சொல்லும் தளங்களிலும் எச்சரிக்கை வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டின் மூலையில் உங்கள் மின்னஞ்சல், மாணவர் பெயர், மதிப்பெண் எல்லாம் இருக்கும். ஸ்குவூஷ் உங்கள் உலாவிக்குள்ளேயே வேலை செய்கிறது, படம் வெளியே போவதில்லை.

ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பி அங்கிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள். போகும் வழியிலேயே அது ஜேபெக் ஆகிவிடும். வெறும் வெள்ளையாக இருந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான சாயல்கள் ஏறியிருக்கும். அதைத் திரும்பப் பிஎன்ஜி ஆக்கினால் முன்பைவிடப் பெருத்துவிடும், நிறம் குறைத்தாலும் எழுத்தைச் சுற்றிய அழுக்கு போகாது. அனுப்பத்தான் வேண்டுமானால் ஆவணமாக அனுப்புங்கள்.

வேலை சரியாக நடந்ததா என்று பார்க்க, விண்டோஸில் கோப்பின் மீது வலச்சொடுக்கு செய்து Properties, பிறகு Details போங்கள். Bit depth முன்பு 24 அல்லது 32 என்று இருந்திருக்கும், இப்போது 8 அல்லது அதற்கும் குறைவாக இருக்க வேண்டும். தளத்தில் ஏற்றிய பிறகு அங்கிருந்து இறக்கி மறுபடியும் ஒரு முறை பாருங்கள். சில தள மென்பொருள்கள் தாமாகவே சிறிய பிரதிகள் எடுத்து முழு நிறத்தில் சேமிக்கும், அந்தச் சிறிய பிரதி உங்கள் மூலப்படத்தைவிடப் பெரிய கோப்பாக இருப்பதும் நடக்கும். அப்படி இருந்தால் பாடத்தில் படத்தைச் செருகும்போது முழு அளவையே தேர்ந்தெடுங்கள். நிறம் குறைக்காத மூலங்களைத் தனிக் கோப்புறையில் வைத்திருங்கள். போன நிறத்தைத் திருப்பிக் கொண்டுவர முடியாது, கால்க் புதிய பதிப்பு வந்து அம்பை நகர்த்த நேர்ந்தால் அவைதான் வேண்டியிருக்கும்.